ஒன்றரைக் கோடியைத் தாண்டிய வெள்ளிக்கிழமை

ஒரு மளிகைக் கடையின் ஆண்டு விற்பனை எந்த நிமிடத்தில் ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டுகிறது என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அரைக்கிலோ துவரம்பருப்பும் ஒரு பாக்கெட் சோப்புத் தூளும் கட்டிக் கொடுக்கும்போது அது நடந்துவிடும். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தைப் பொறுத்தவரை அந்த நாள் கடையின் வரி வாழ்க்கையையே இரண்டாக வெட்டும் நாள். அதுவரை சிறு வணிகருக்கான எளிய திட்டம். அன்றிலிருந்து, பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு என்ன விதியோ அதே விதி.

அந்த எளிய திட்டத்தைக் கடைக்காரர்கள் ‘காம்போசிஷன்’ என்பார்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 10-வது பிரிவில் இருக்கிறது. பொருள் வாங்கி விற்கும் வியாபாரி, வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது. தான் கொள்முதல் செய்தபோது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை CMP-08 என்ற படிவத்தில் பணம் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை GSTR-4 தாக்கல் செய்தால் போதும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்தத் திட்டத்தின் உச்சவரம்பு 75 லட்சம் ரூபாய். பிறகு 1 கோடியாயிற்று. 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் 1.5 கோடி.

வரம்பைத் தாண்டுவது குற்றமில்லை. வியாபாரம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிக்கல் எல்லாம், தாண்டியது தெரியாமலோ தெரிந்தும் தெரியாததுபோலவோ பழைய முறையிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பதில்தான் தொடங்குகிறது. பின்னால் வருகிற நோட்டீஸ் எதுவானாலும், அதன் அடியில் இருப்பது ஒரே கேள்வி: எந்தத் தேதியில் தாண்டினீர்கள்?

அந்தத் தேதியைத் தவறவிடுவது எப்படி என்று பார்க்க, கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். தென்மாவட்ட ஊர் ஒன்றில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற மளிகைக் கடை. பதிவு அப்பாவின் பேரில், அவருடைய பான் எண்ணில். மூட்டை இறக்குவதும் கொள்முதலும் மகன் பொறுப்பு. மதியம் கல்லாவில் அம்மா. கடந்த ஆண்டு விற்பனை 1.38 கோடி. 2025–26இல் தீபாவளியும் பொங்கலும் நன்றாகப் போயின. டிசம்பர் கடைசி வரை 1.24 கோடி, ஜனவரியில் மட்டும் 16 லட்சம். பிப்ரவரியில் நாளுக்கு ஐம்பதாயிரம் என்று போனால், 2026 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, கோடு தாண்டிவிடும்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் கையில் ஒரு சுருக்குவழி இருக்கிறது. ‘இதுவரை கட்டிய வரி ஒரு லட்சத்து ஐயாயிரம். அதை நூறால் பெருக்கினால் ஒரு கோடியே ஐந்து லட்சம். இன்னும் நாற்பத்தைந்து லட்சம் இடம் இருக்கிறது.’ கணக்கு சரிதான், கணக்கிட்ட பொருள்தான் தவறு. வியாபாரி 1 சதவீதம் கட்டுவது வரிக்குரிய விற்பனைக்கு மட்டும். ஆனால் ஒன்றரைக் கோடி வரம்பைப் பார்க்கும்போது வரியில்லாப் பொருள்களின் விற்பனையும் சேரும். பால், முட்டை, காய்கறி, உப்பு, சில்லறையாக நிறுக்கும் அரிசி, பருப்பு எல்லாமே. 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத வரி வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறினார்களே, அந்த மூட்டைக்கு வரி இல்லை. ஆனால் அதை விற்ற காசு வரம்புக் கணக்கில் உட்கார்ந்துவிடும். இந்தக் கடையில் விற்பனையில் முப்பது சதவீதம் இப்படிப்பட்ட பொருள்கள். அப்பா பார்த்த ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கு வெளியே நின்ற நாற்பத்தைந்து லட்சம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. வரம்பு கடைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. அதே பான் எண்ணில் அடுத்த தெருவில் ஒரு பாத்திரக் கடை இருந்தால் இரண்டும் கூட்டப்படும். குடியிருக்க விட்ட வீட்டின் வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனாலும் மொத்த விற்றுமுதலில் அது ஏறும். வங்கி வைப்புக்கு வரும் வட்டி மட்டும் இந்தத் திட்டத்துக்கான கணக்கில் சேராது.

சரி, மகன் கணினியில் தினசரி விற்பனையைக் கூட்டிப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 20 இரவு கூட்டலில் தாண்டியது தெரிகிறது. அடுத்து அவர் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்திருக்கிறது. ஏழு நாளுக்குள், அதாவது 27-ம் தேதிக்குள், CMP-04 படிவத்தில் ‘இந்தத் தேதியிலிருந்து திட்டத்திலிருந்து வெளியேறுகிறேன், காரணம் வரம்பு தாண்டியது’ என்று போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். அனுமதி கேட்பது அல்ல இது, தகவல் சொல்வது. சட்டப்படி திட்டம் 20-ம் தேதியே முடிந்துவிட்டது. படிவம் அதைப் பதிவு செய்கிறது.

கடையில் மாட்டியிருக்கும் ‘காம்போசிஷன் வரி செலுத்துபவர்’ என்ற பலகை இறங்க வேண்டும். பில்லின் தலையில் அச்சடித்திருக்கும் ‘வரி வசூலிக்கத் தகுதியற்றவர்’ என்ற வரியும் போக வேண்டும். அன்றிலிருந்து வரிக்குரிய பொருளுக்கு வரி பில். பருப்பும் சோப்பும் ஒரே வாடிக்கையாளர் வாங்கினால் இரண்டு பில் போட வேண்டியதில்லை. பதிவில்லாத வாடிக்கையாளருக்கு வரியுள்ளதும் இல்லாததும் கலந்த ஒரே பில் கொடுக்க விதி இடம் தருகிறது. எம்ஆர்பி அச்சிட்ட பொருளுக்கு அதன் மேல் வரி போட முடியாது. அந்த விலைக்குள்தான் வரி இருக்கிறது. கடைக்காரர் உள்ளிருந்து பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவே.

இந்த ஏழு நாள் வேலையை ஆடிட்டர் அலுவலகமே செய்துவிடும். கடைக்காரர் தூக்கத்தைக் கெடுக்கிற வேலை அடுத்தது: சரக்குப் பட்டியல்.

எளிய திட்டத்தில் இருக்கும்வரை கொள்முதலில் கட்டிய வரி கடையின் செலவு. திட்டத்தைவிட்டு வெளியே வந்ததும், முந்தின நாள் இரவு கடையிலும் குடோனிலும் இருந்த சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 18-வது பிரிவு. வெளியேறிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ITC-01 படிவத்தில் கேட்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். அந்தச் சரக்கு இனி வரியோடு விற்கப்படப் போகிறது. வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்கவில்லை என்றால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி.

படிவம் கேட்பது மொத்தத் தொகையை அல்ல. விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, பொருள், அளவு, மதிப்பு, வரி என்று பில்வாரியாகக் கேட்கிறது. நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும் மளிகைக் கடையில், அலமாரியில் இருக்கும் இந்தப் பற்பசை எந்த பில்லில் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நடைமுறையில் செய்வது இதுதான்: 19-ம் தேதி இரவு கடையை அடைத்தபின் இருப்பை எண்ணுவது, பிறகு கடைசி பில்லிலிருந்து பின்னோக்கிப் போய், இருப்பிலுள்ள அளவு நிரம்பும்வரை பில்களை ஒதுக்குவது. முதலில் வந்த சரக்கு முதலில் விற்றுப்போனது என்பதுதான் இதன் அடிப்படை. எண்ணிய தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்தால், மூன்று ஆண்டு கழித்து யாராவது கேட்டாலும் காட்டலாம்.

தாண்டும் நாள் முன்கூட்டித் தெரியாதே, முந்தின இரவு எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். 20-ம் தேதி இரவு எண்ணி, அன்றைய விற்பனையைக் கூட்டி, அன்றைய வரவைக் கழித்தால் முந்தின இரவின் இருப்பு வந்துவிடும். ஜனவரியிலேயே 1.40 கோடி ஆகிவிட்டது என்று தெரிந்த கடை, பிப்ரவரி முழுதும் பில்களைத் தனி ஃபைலில் போட்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

வரவு மறுக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. பில் ஓராண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் கிடைக்காது. மூலையில் கிடக்கும் பழைய சரக்குக்கு நம்பிக்கை வேண்டாம். வாங்கும்போது கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் வெறும் பில்லோ துண்டுச் சீட்டோ வாங்கியிருந்தால் கிடைக்காது. ‘நமக்குத்தான் வரவு எடுக்க வழியில்லையே, எண் எதற்கு’ என்று இருந்த கடைகள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. பில் சரியாக இருந்தும் விற்ற மொத்த வியாபாரி அதைத் தன் கணக்கில் காட்டவில்லை என்றாலும் தகராறு.

நமது கடையின் இருப்பு, வாங்கின விலையில் 9 லட்சம். அதில் வரியில்லாத சரக்கு 2 லட்சம். 5 சதவீதச் சரக்கு 5 லட்சம், அதற்குக் கட்டிய வரி 25 ஆயிரம். சோப்புத் தூள் போன்ற 18 சதவீதச் சரக்கு 2 லட்சம், அதற்கு 36 ஆயிரம். ஆக 61 ஆயிரம். ஆகஸ்டில் ஐஸ்கிரீமுக்காக 50 ஆயிரத்துக்கு வாங்கிய ஃப்ரீசருக்கு 9 ஆயிரம் வரி கட்டியிருக்கிறார்கள். இயந்திரங்களுக்கு ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழியும். மூன்று காலாண்டு போக 7,650 கிடைக்கும். மொத்தம் 68,650 ரூபாய். கேட்கும் வரவு 2 லட்சத்தைத் தாண்டினால்தான் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று வேண்டும். இங்கே தேவையில்லை.

இது நேரத்தில் விழித்துக்கொண்ட கடையின் கதை. இனி, விழிக்காத கடை.

அப்பா தன் சுருக்குவழியை நம்பியே போகிறார். ஏப்ரல் 18-க்குள் ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு வழக்கம்போல 1 சதவீதம் கட்டியாகிறது. ஜூன் கடைசியில் GSTR-4 தயாரிக்க ஆடிட்டர் அலுவலகப் பையன் வரியில்லா விற்பனையையும் சேர்த்துக் கூட்டும்போது எண் 1.69 கோடிக்கு மேல் நிற்கிறது.

“அண்ணாச்சி, பிப்ரவரியிலயே தாண்டியாச்சு. ஒருத்தரும் கவனிக்கலையா?”

“தம்பி, அரிசி பருப்பெல்லாம் எதுக்குச் சேக்குறீங்க? அதுக்குத்தான் வரியே கெடையாதே!”

இந்த உரையாடல் தமிழ்நாட்டில் எத்தனை ஆடிட்டர் அலுவலகங்களில் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறதோ. பிப்ரவரி 20 முதல் ஜூன் 30 வரை கடையின் விற்பனை சுமார் 66 லட்சம். அதில் வரியில்லாதது 20 லட்சம், 5 சதவீதப் பொருள் 36 லட்சம், 18 சதவீதப் பொருள் 10 லட்சம். துறை முதலில் கேட்கக்கூடிய கணக்கு எளிமையானது: 36 லட்சத்துக்கு 1.80 லட்சம், 10 லட்சத்துக்கு 1.80 லட்சம், ஆக 3.60 லட்சம் ரூபாய் வரி, அதற்கு மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இந்த 3.60 லட்சத்தைப் பார்த்து மயங்கி விழ வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் இது குறையும். கடைக்காரர் வாங்கிய விலைக்குள்தான் வரி இருக்கிறது என்பது முதல் வாதம். வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்கும் சூத்திரம் ஜிஎஸ்டி விதிகளில், 35-வது விதியில், இருக்கிறது. அதன்படி 36 லட்சத்துக்குள் இருக்கும் 5 சதவீத வரி 1.71 லட்சம், 10 லட்சத்துக்குள் இருக்கும் 18 சதவீத வரி 1.53 லட்சம். மொத்தம் 3.24 லட்சம். அதிகாரி உடனே ஒப்புக்கொள்வார் என்பதில்லை. பதிலில் எழுதாவிட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பே இல்லை.

இரண்டாவது இடம்தான் பெரியது. அதே நான்கு மாதத்தில் கடை சரக்கு வாங்கியபோது கட்டிய வரி. மளிகையில் லாபம் எட்டு, பத்து சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அப்படியானால் 3.24 லட்சம் வரிக்கு எதிரே கொள்முதல் வரி சுமார் 2.96 லட்சம் இருக்கும். பில்கள் ஒழுங்காக இருந்தால் கையிலிருந்து கட்ட வேண்டியது சுமார் 28 ஆயிரம் மட்டும். பில்கள் இல்லையென்றால் முழு 3.24 லட்சம். ஒரே கடை, ஒரே விற்பனை, ஒரே தவறு. வித்தியாசம் ஃபைலில் இருக்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. பழைய திட்டத்திலேயே இருந்திருந்தால் அந்த 46 லட்சம் வரிக்குரிய விற்பனைக்கு 46 ஆயிரம் கட்டியிருப்பார்கள், கொள்முதல் வரியைத் திரும்பப் பெறாமலே. லாபம் மெலிந்த கடைக்கு எளிய திட்டம் மலிவானது என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. அது வேலையைக் குறைக்கிறது, வரியை எப்போதும் குறைப்பதில்லை. லாபம் அதிகமுள்ள ஃபேன்சி கடைக்கும் வீட்டு அலங்காரக் கடைக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த 1 சதவீதம் உண்மையிலேயே சலுகை.

நோட்டீஸ்களுக்கு வருவோம். துறைக்குச் சந்தேகம் வரும் வழிகள் பல. கடை காலாண்டுதோறும் காட்டிய விற்பனையின் கூட்டுத்தொகை ஒன்று. மொத்த வியாபாரிகள் இந்தக் கடையின் எண்ணில் காட்டிய விற்பனை இன்னொன்று, 1.55 கோடிக்கு வாங்கிவிட்டு 1.40 கோடிக்கு விற்றதாகக் காட்டினால் கணினியே கேள்வி கேட்கும். வருமான வரிக் கணக்கில் காட்டிய விற்பனை மூன்றாவது.

சந்தேகம் வந்தால் முதலில் வருவது CMP-05. ‘இந்தத் தேதி முதல் உங்களுக்கு இந்தத் திட்டத்தில் இருக்கத் தகுதியில்லை என்று கருதுகிறோம், ஏன் விலக்கக் கூடாது?’ என்று கேட்கும் காரணம் கேட்பு நோட்டீஸ் அது. பதில் சொல்ல 15 நாள், CMP-06 படிவத்தில். பதில் கிடைத்த 30 நாளுக்குள் CMP-07 என்ற உத்தரவு வரும். அதில் பார்க்க வேண்டியது தேதியைத்தான். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து விலக்கினால் நான்கு மாதப் பிரச்சினை. திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்தே தகுதியில்லை என்று உத்தரவிட்டால் பல ஆண்டுப் பிரச்சினை. முந்தைய ஆண்டு விற்பனை 1.38 கோடிதான், ஆகவே ஏப்ரல் 1 அன்று தகுதி இருந்தது, தாண்டியது பிப்ரவரி 20 அன்று என்பதைத் தினசரி விற்பனைப் பட்டியலோடு நிறுவுவதுதான் அந்தப் பதிலின் முழு வேலையும்.

தாமதமாக CMP-04 போடும் கடைக்கு ITC-01 கேட்கும் முப்பது நாள் கடந்துபோயிருக்கும். அதிகாரியே CMP-07 போட்டு விலக்கினாலோ, உத்தரவு தேதியிலிருந்து முப்பது நாள் கிடைக்கும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக நோட்டீஸுக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது, காரணம் வட்டி. விடுபட்ட மாதங்களின் GSTR-3B-யை நோட்டீஸ் வருமுன் தாக்கல் செய்தால், வரவைக் கழித்தபின் கையிலிருந்து கட்டும் 28 ஆயிரத்துக்கு மட்டும் வட்டி. அந்தக் காலத்துக்கான வரி நடவடிக்கை தொடங்கியபின் தாக்கல் செய்தால் அந்தச் சலுகை போய்விடும்.

திட்டம் முடிந்தபின் வரும் அடுத்த நோட்டீஸ் பெரும்பாலும் GSTR-3A. அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பழக்கம். வழக்கமான முறையில் விற்பனை விவரம் GSTR-1 மாதம் 11-ம் தேதிக்குள், வரிக் கணக்கு GSTR-3B 20-ம் தேதிக்குள். ஐந்து கோடிக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ளவர் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். வரியை மாதாமாதம் கட்ட வேண்டும். தாக்கல் செய்யாவிட்டால் 15 நாள் கெடு கொடுத்து GSTR-3A வரும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் அதிகாரி தன் கணிப்பில் ஒரு தொகையை நிர்ணயித்து உத்தரவு போடலாம். அவருடைய கணிப்பில் கடையின் கொள்முதல் வரவு இருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உத்தரவு வந்த 60 நாளுக்குள் ஒழுங்கான கணக்கைத் தாக்கல் செய்தால் அந்த உத்தரவு தானாக ரத்தாகிவிடும்.

பெரிய நோட்டீஸ் DRC-01. வரி, வட்டி, அபராதம் எவ்வளவு என்று சொல்வது. அதற்கு முன் DRC-01A என்று ஒரு முன்னறிவிப்பு வரலாம். 2024–25 முதலான ஆண்டுகளுக்கு இது 74ஏ பிரிவின் கீழ் வருகிறது. மோசடி ஏதும் இல்லாத வழக்கில் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10 ஆயிரம், எது அதிகமோ அது. நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. வேண்டுமென்றே மறைத்ததாக எழுதியிருந்தால் அபராதம் வரிக்குச் சமம். 60 நாளுக்குள் கட்டினால் அதில் 25 சதவீதம். எனவே நோட்டீஸைப் பிரித்ததும் தொகையைத் தேடுவதைவிட ‘மறைத்தல்’, ‘மோசடி’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன, அதற்கு என்ன ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. இந்த நோட்டீஸ் உடனே வர வேண்டும் என்பதும் இல்லை. ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 42 மாதம் வரை துறைக்கு நேரம் உண்டு. 2025–26இல் நடந்த தவறுக்கு 2030 நடுப்பகுதி வரை தபால் வரலாம்.

தபால் என்பதும் பேச்சுக்குத்தான். பெரும்பாலான நோட்டீஸ்கள் போர்ட்டலில் ஏற்றப்படும், மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வரும். பதிவின்போது கொடுத்த எண் எட்டு ஆண்டுக்கு முன் இருந்த கணக்குப்பிள்ளையுடையது என்றால், குறுஞ்செய்தி அவருக்குப் போகும். போர்ட்டலிலும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை; ‘View Additional Notices/Orders’ என்ற தனிப் பக்கத்தில் சில தங்கிவிடும். நோட்டீஸ் வந்ததே தெரியாது, உத்தரவு வந்து வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் தெரிந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன சிறு வணிகர்கள் பலர். அவற்றில் பல வழக்குகள், கேட்ட வரியில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி, மீண்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. பாதகமான உத்தரவு போடும் முன் நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பதும், நோட்டீஸில் சொன்ன தொகைக்கு மேல் உத்தரவில் கேட்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே உள்ளவை.

யூபிஐ பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வழியாகக் கணக்கில் வந்த பணத்தை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்கும் ஒருவருக்கு, நான்கு ஆண்டில் 1.63 கோடி வந்திருக்கிறது, 29 லட்சம் கட்டுங்கள் என்று. வரியே இல்லாத காய்கறிக்கு! பெங்களூருவில் கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தன. அந்த மாதமே முதல்வர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்து, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் பதிவே செய்யாதவர்கள். நமது கடைக்குப் பதிவு உண்டு. ஆனால் தரவு ஒன்றுதான்.

கடையின் க்யூஆருக்கு வரும் பணமெல்லாம் விற்பனை அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். ‘அண்ணாச்சி, ஐயாயிரம் ரொக்கம் குடுங்க, ஜிபே பண்ணிடறேன்’ என்று கேட்காத தெரு உண்டா? சீட்டுப் பணம், மச்சான் திருப்பிக் கொடுத்த கடன், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஊரிலிருந்து வந்தது எல்லாம் ஒரே கணக்கில் விழும். நோட்டீஸ் வந்தபின் ஒவ்வொன்றையும் பிரித்து நிரூபிப்பது கடைக்காரர் பாடு. நேர்மாறாகவும் ஒன்று உண்டு: யூபிஐயை மட்டும் பார்த்து ‘நாம் தாண்டவில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. கல்லாவில் விழுந்த ரொக்கமும் விற்பனைதான். கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்து, விற்பனைப் பணம் மட்டும் அதில் வரும்படி செய்தவர்களுக்கு CMP-05-க்குப் பதில் எழுதுவது ஒரு பக்க வேலை.

இந்த இடத்தில் உறவினர் யாராவது ஒரு யோசனை சொல்வார்: ‘அம்மா பேர்ல இன்னொரு பதிவு போட்டுடு, பாதி வியாபாரத்தை அங்க காட்டிடலாம்.’ அம்மாவின் பான் வேறு என்பதால் சட்டப்படி அவர் வேறு வணிகர், அதில் தவறில்லை. அம்மா தன் முதலில், தன் பெயரில் கொள்முதல் செய்து, தன் கணக்கில் பணம் வாங்கித் தனியாகக் கடை நடத்தினால் அது அவருடைய வியாபாரம். ஒரே அலமாரி, ஒரே கல்லா, ஒரே மூட்டை, இரண்டு பில் புத்தகம் மட்டும் என்றால், ஆய்வுக்கு வருபவருக்கு அரைமணி நேரம் போதும். நியாயமான 10 சதவீத அபராத வழக்கை வரிக்குச் சமமான அபராத வழக்காக மாற்றும் யோசனை இது.

திட்டத்துக்குத் திரும்ப முடியுமா என்று அப்பா கேட்பார், எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். தகுதி முந்தைய ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. 2025–26 ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டதால் 2026–27இல் இடமில்லை. 2026–27இல் விற்பனை வரம்புக்குள் இருந்தால், 2027 மார்ச் 31-க்குள் CMP-02 கொடுத்து ஏப்ரல் முதல் மீண்டும் சேரலாம். அப்போது கணக்கு தலைகீழாகும்: அன்று இருப்பிலுள்ள சரக்குக்கு எடுத்த வரி வரவை ITC-03 படிவத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். மறுபடியும் இருப்பு எண்ண வேண்டும், மறுபடியும் பில் தேட வேண்டும். ஓராண்டு மாதக் கணக்குப் போட்டுப் பழகிய மகன், எட்டு சதவீத லாபத்தையும் கணினியில் உள்ள கொள்முதல் வரியையும் காட்டி, அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லவே வாய்ப்பு அதிகம்.